பொன்னாடை வேண்டாம், எஞ்சின் ஆயில் போதும்

பர்மாவில் எங்கள் ஊரான பெகுவில் வெள்ளம் புதிதல்ல. மழைக்காலத்தில் ஆறு ஒருமுறையாவது தெருவுக்குள் எட்டிப் பார்க்கும். கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றிவிட்டு, அரிசிப் பானையைப் பரணுக்கு அனுப்பிவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். 2023 அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வந்தது அந்த ரகம் அல்ல. ஒரே நாளில் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அக்டோபர் மாதத்துக்கு அது புதிய உச்சம் என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். ஏற்கெனவே நிறைந்திருந்த ஆறு வடிகால்களை வாங்கிக்கொள்ளவில்லை. தெருவில் விழுந்தது தெருவிலேயே நின்றது. மக்கள் மூட்டையோடு புத்த மடங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போனார்கள்.

எங்கள் கோயில் மண்டபம் மேட்டில் இருப்பதால் அடுப்பு அணையவில்லை. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கிளறினோம். சாம்பார் சாதம் மதியத்துக்குள் கெட்டுவிடும், புளிச்சோறு மறுநாள் காலைவரை தாங்கும். சமைப்பதற்கு ஆள் இருந்தார்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. அதைச் செய்தவர்கள் இரண்டு கூட்டத்தார். ஒன்று, மோட்டார் சைக்கிளில் ஆளையும் பொட்டலத்தையும் ஏற்றிப் பிழைக்கும் ‘சைக்கிள் கேரி’ பையன்களும் கடைகளுக்கு டெலிவரி போகும் பையன்களும். ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் அங்குள்ள என் சொந்தக்காரர்களுக்கு இவர்கள் அருமை தெரியாது. எங்கள் ஊர் இவர்கள் இல்லாவிட்டால் நின்றுவிடும். மற்றது, மூன்று சக்கர வண்டிக்காரர்கள். தமிழ்நாட்டு ஆட்டோ மாதிரி அல்ல: முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி இரண்டு பக்கமும் பலகை போட்ட பெட்டி. சந்தைக்குப் போகும் பெண்கள், அரிசி மூட்டை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான்.

தண்ணீர் வடிந்ததும் கோயில் கமிட்டி கூடியது. அந்த ஓட்டுநர்களைக் கௌரவிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி என்பதில்தான் சண்டை. பெரியவர்கள் வழக்கமான வழியைச் சொன்னார்கள்: மேடை, பொன்னாடை, கேடயம், ஒரு வாழ்த்து மடல். மடலை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாதிரிக்கு ஒன்று கையில் கொடுத்தார்கள். ‘அடாது மழை பெய்தாலும் விடாது தொண்டாற்றிய தன்னலமற்ற தியாகச் செம்மல்களே’ என்று தொடங்கியது. அதை அப்படியே தபால்காரருக்கும் வாசிக்கலாம், சட்டமன்ற உறுப்பினருக்கும் வாசிக்கலாம். மழையில் வண்டி ஓட்டியவர் அதில் எங்கேயும் இல்லை.

எழுதுவதற்கு முன் அவர்களிடமே போய்க் கேட்டுவிடலாம் என்று கேரி நிறுத்தத்துக்குப் போனேன். நிறுத்தத்தில் பாதி வண்டிகள் இல்லை. “எங்கே தம்பி எல்லாரும்?” என்றேன். “மெக்கானிக் கடையில் அக்கா” என்றான் ஒரு தமிழ்ப் பையன்.

மெக்கானிக் பர்மியர், ஐம்பது வயதைத் தாண்டியவர். கடை என்றால் தகரக் கூரையும் தரையில் எண்ணெய்க் கறையும்தான். அவர் ஒரு வண்டியின் எஞ்சினிலிருந்து ஆயில் அளவுக் கம்பியை உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினார். நல்ல ஆயில் தேன் நிறத்திலோ கறுத்தோ இருக்கும். இது பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் நுரைத்திருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஓடும் 110, 125 சிசி வண்டிகளில் சக்கரத்தின் நடு அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 11 அங்குல உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அதற்குக் கீழே இருக்கும்வரை வண்டிக்குப் பெரிய கெடுதல் இல்லை. அதைத் தாண்டினால் புகைக்குழாய் முழுகும். எஞ்சினின் அடிப்பகுதியும் நனையும். புகைக்குழாய் முழுகினாலும் முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்துப் போனால், வெளியேறும் புகையின் வேகம் தண்ணீரை உள்ளே விடாது. நடுவில் கையைத் தளர்த்தினாலோ வண்டி நின்றாலோ தண்ணீர் ஏறிவிடும். நின்ற வண்டியை அங்கேயே உதைத்துக் கிளப்பக் கூடாது. தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வர வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டனை ஓட்டினால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. மோசமானால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு உதைத்தால் உள்ளிருப்பது பீச்சிக்கொண்டு வெளியே வரும். பிறகு ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி புதிது ஊற்ற வேண்டும். ஒருமுறை மாற்றினால் மூலைமுடுக்கில் தங்கிய தண்ணீர் புது ஆயிலையும் கெடுத்துவிடும். ஒரு முறைக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். ஆனால் அன்றாடம் பெட்ரோல் போட்டு அன்றாடம் சம்பாதிக்கிறவனுக்கு இரண்டு முறை ஆயில் என்பது ஒரு நாள் கூலிக்கு மேல் போய்விடும்.

நான் அறியாத இன்னொன்றையும் அவர் சொன்னார். எஞ்சினும் சக்கர ஹப்பும் ஓடி ஓடிச் சூடாகியிருக்கும். அந்தச் சூட்டோடு வெள்ளத்தில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது ரப்பர் சீல் வழியாக வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சேறு கலந்த அந்தத் தண்ணீர் பேரிங்கின் கிரீஸுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து நாள், இரண்டு வாரம் கழித்துச் சக்கரத்திலிருந்து உறுமல் சத்தம் வரும். வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடும். மூன்று சக்கர வண்டிக்குப் பின் அச்சின் நடுவில் கியர் பெட்டி ஒன்று உண்டு. அதற்கு மூச்சு விட ஒரு சிறு துளை. அந்தத் துளை முழுகினால் அங்கும் இதே கதை. அது பழுதானால் செலவு பேரிங்கோடு நிற்காது.

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று விளங்கியது. தண்ணீர் வடிந்த மறுநாள் மேடை போட்டுக் கைதட்டினால், அந்தக் கைதட்டல் அடங்கும் நேரத்தில்தான் வண்டிக்காரருக்குச் செலவு தொடங்கும். உடம்புக்கும் அதே கணக்கு. சேற்றுப்புண் உடனே தெரிந்துவிடும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் சிராய்ப்போடு நின்றவருக்கு அது வர வாய்ப்பு உண்டு. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று மருத்துவரிடம் போகும்போது ‘வெள்ளத்தில் நின்றேன்’ என்று சொல்லாவிட்டால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடக்கூடும்.

அதனால் கமிட்டியில் இரண்டு யோசனை வைத்தேன். நன்றி சொல்லும் நாளைத் தள்ளிப் போடுவோம். அக்டோபர் 23 ஆயுத பூஜை, வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும் நாள் அதுதானே. கேடயத்துக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கிய பணத்தை மெக்கானிக்கிடம் கொடுப்போம். மண்டபத்து வாசலில் அவர் கடை விரிக்கட்டும். “பொன்னாடை இல்லாமல் மரியாதையா?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வருத்தப்பட்டார். அவரிடம், “அண்ணே, அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டு அவன் எந்தக் கல்யாணத்துக்குப் போவான்? பேரிங் போட்டுக் கொடுத்தால் நாளைக்கு உங்களையே ஏற்றிக்கொண்டு போவான்” என்றேன். சிரித்துவிட்டார். சிரித்துவிட்டால் எங்கள் கமிட்டியில் ஒப்புதல் என்று பொருள்.

அடுத்த சிக்கல், யாரை அழைப்பது. வெள்ளத்தில் இரண்டு மடங்கு கூலி கேட்ட ஒரு மூன்று சக்கர வண்டிக்காரர் மேல் பலருக்குக் கோபம். “ஊர் மூழ்கும்போது காசு பார்த்தவன்” என்றார்கள். நான் மெக்கானிக் கடையில் அவருடைய வண்டியைப் பார்த்திருந்தேன். பின்சக்கர டிரம்மைக் கழற்றியபோது உள்ளே மணலும் துருவும்; பிரேக் ஷூவின் ஒட்டுப்பட்டை தனியாகக் கழன்று கையோடு வந்தது. கேட்ட கூலி அதற்கே போதாது. தவிரவும், அவர் கூலி கேட்டது வீட்டுச் சாமான் ஏற்றியவர்களிடம்; மடத்துக்கு எங்கள் சோற்று அண்டாவை ஏற்றியபோது பெட்ரோலுக்கு மட்டுமே வாங்கினார். அவரையும் அழைத்தோம். கோபித்தவர்களில் இரண்டு பேர் அன்று வரவில்லை, பரவாயில்லை.

இனி, நான் மடலில் முதலில் எழுத விரும்பிய ஆளைப் பற்றி. ஆற்றுக்கு மேற்கே, ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டி சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர். வீட்டில் மருந்து தீர்ந்துவிட்டது. எங்களிடம் ஒருவர் வாங்கிக் கொடுத்த குப்பியை ஒரு கேரிப் பையனிடம் ஒப்படைத்தோம். குப்பியைத் துணியில் சுற்றி, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு சோற்று டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்தார் எங்கள் மருந்துக் கடைக்காரர். பனிக்கட்டியின் மேல் நேராக வைக்கக் கூடாது, உறைந்தால் மருந்து கெட்டுவிடும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். பையன் பாலத்தைத் தாண்டிவிட்டான். அதற்கப்பால் ஒரு மதகு இருக்கும் இடத்தில் சாலையின் குறுக்கே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆழம் முழங்கால்தான். முன்னால் ஒரு லாரி கடந்து போனதையும் பார்த்தான். ஆனாலும் வண்டியை நிறுத்திவிட்டு, மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு நடந்து பார்த்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நிற்கிற தண்ணீர் என்றால் கழி சும்மா நிற்கும் அக்கா. இங்கே கழி கையில் நடுங்கியது. ரோட்டு ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் சுழன்று உள்ளே போனது.” சுழல் இருந்தால் கீழே திறந்த வடிகாலோ இடிந்த மதகோ இருக்கிறது என்று பொருள். முழங்கால் அளவு தண்ணீர் வேகமாக ஓடினால் ஆளையே சாய்த்துவிடும். மோட்டார் சைக்கிளின் இரண்டு சக்கரமும் பக்கவாட்டில் அந்தத் தள்ளலை வாங்கும். லாரியின் எடை அவனிடம் இல்லை.

திரும்பிவிட்டான். பாலத்தடியில் சம்பான் படகு ஓட்டும் ஒருவரைத் தேடிப் பிடித்து டப்பாவைக் கொடுத்து, பாட்டியின் பேரனுக்கு போன் போட்டு எந்தத் திண்ணையில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். மருந்து மாலைக்குள் போய்ச் சேர்ந்தது.

மார்பளவுத் தண்ணீரில் வண்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு போனவனை மட்டும் மேடையில் ஏற்றிப் புகழ்ந்தால், அடுத்த மழையில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் அந்தப் புகழுக்காக மதகில் இறங்குவான். அதனால் திரும்பியவனுக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

மடல் எந்த மொழியில் என்பதும் யோசிக்க வேண்டியதாயிற்று. வண்டிக்காரர்களில் பர்மியர்கள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, தமிழர்களும் உண்டு. தமிழ்ப் பையன்கள் பலர் நன்றாகத் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. ஆகவே அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போடுவதைக் கைவிட்டு, முதலில் பர்மிய மொழியிலும் பிறகு தமிழிலும் உரக்க வாசிப்பது என்று வைத்துக்கொண்டோம். வீட்டாரையும் அழைத்தோம், அந்த இரவுகளில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான். வாசித்த தமிழ் வடிவம் இது. பெயர்களை மட்டும் இங்கே எடுத்துவிட்டேன்.

‘எங்கள் தெருவுக்கு வண்டி ஓட்டிய தம்பிகளே, அண்ணன்மார்களே, வணக்கம். மழை பெய்த அந்த நாள்களில் எங்கள் அடுப்பில் வெந்த சோறு மடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சூடாகப் போய்ச் சேர்ந்தது உங்களால். நடக்க முடியாத பெரியவர்களை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, குடையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் நனைந்தீர்கள். இன்சுலின் கொண்டுபோன தம்பி, ஓடும் தண்ணீரைக் கண்டு வண்டியைத் திருப்பி, மருந்தைப் படகில் அனுப்பினார்; இரண்டுக்கும் நன்றி. இந்த வேலையில் உங்கள் வண்டிகளுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அந்தச் செலவு உங்களுடையது மட்டும் அல்ல. இன்று ஆயிலும், தேவைப்பட்டால் பேரிங்கும் பிரேக் ஷூவும் எங்கள் பொறுப்பு. காய்ச்சலோ கால் புண்ணோ இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். உங்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்த வீட்டாருக்கும் எங்கள் நன்றி.’

வாசித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதைவிட நீளமாக எழுதியிருந்தால் வெயிலில் நிற்கிறவர்களுக்குத் தண்டனை.

ஆயுத பூஜையன்று மெக்கானிக் தம் கையாள்களோடு காலையிலேயே வந்துவிட்டார். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பது, ஆயில் கம்பியை உருவுவது, டிரம்மைத் திறப்பது, கார்பரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தித் தண்ணீர் இருந்தால் வடிப்பது. அதே வரிசையில் வண்டி வண்டியாகப் பார்த்தார். மண்ணெண்ணெயில் சங்கிலி கழுவும் வேலையை எங்கள் இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். பொட்டு வைப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேட்டோம். பர்மியர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வைத்துக்கொண்டார்கள். ஒரு முஸ்லிம் அண்ணன், “பொட்டு வேண்டாம்மா, எலுமிச்சம்பழம் மட்டும் கொடுங்கள், வீட்டில் ஊறுகாய் போடுகிறேன்” என்றார். படம் எடுக்க விரும்பாதவர்களை எடுக்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. ஒரே ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்று அவன் அம்மா சொன்னார். அன்றே மருத்துவரிடம் அனுப்பினோம். நல்லவேளை, சாதாரணச் சளிக்காய்ச்சல்.

பணம் போதவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆயில் எல்லாருக்கும் போட முடிந்தது. பேரிங் தேவைப்பட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். சத்தம் அதிகமாக வந்த வண்டிக்கு முதலில் என்று மெக்கானிக்கே வரிசை வைத்தார். மீதிப் பேருக்கு அவரிடம் கணக்கு எழுதிவைத்து, தீபாவளி வசூலில் அடைத்தோம். நீங்கள் உங்கள் ஊரில் இப்படிச் செய்வதானால், நாளைக் குறிக்கும் முன்பே மெக்கானிக்கோடு உட்கார்ந்து எத்தனை வண்டி, என்ன பழுது என்று பார்த்துவிடுங்கள். கேடயத்துக்கு விலை விசாரிப்பது போல இதற்கு விசாரிக்க முடியாது.

இதற்குப் பிறகு மழைக்காலத்துக்கென்று ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். கோயில் வாசல் தூணில் இரண்டு கோடு வரைந்திருக்கிறோம். எங்கள் தெருவில் தாழ்ந்த முனையின் மட்டத்துக்கு ஏற்பக் கணக்கிட்டு வரைந்தது. கீழ்க்கோடு மோட்டார் சைக்கிளின் அச்சு உயரம். தண்ணீர் அதைத் தொட்டால் கேரிக்காரர்களைக் கூப்பிட மாட்டோம், மூன்று சக்கர வண்டிதான். மேல்கோடு மூன்று சக்கர வண்டியின் பெட்டித் தளம். அதைத் தொட்டால் படகு மட்டும். ஓடும் தண்ணீருக்குக் கோடு எதுவும் செல்லாது, ஓட்டுகிறவர் வேண்டாம் என்றால் வேண்டாம். கூலிதான் இன்னும் முடிவாகவில்லை. கோடு நனைந்தால் ஒன்றரை மடங்கு என்கிறது கமிட்டி. வண்டிக்காரர்கள் இரண்டு மடங்கு கேட்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்.